ஷேடு என்றால் நிழலா, நிறமா?
(காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்போரிடையே ஆற்றிய உரை)

வணக்கம். சென்னையிலும் கோவையிலும் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் போனில் சேலை விற்கிறீர்கள். படத்துக்குக் கீழே நான்கு வரி எழுதவேண்டும். அதில் ஆங்கிலம் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு கடையின் வரி இது: “எங்கள் கண்டாங்கி கலெக்‌ஷனை எக்ஸ்ப்ளோர் செய்யுங்கள்.” இப்படி எந்தப் பெண்ணும் பேசமாட்டாள். அவள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லை எடுங்கள்: “திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங்குக்குக் கட்டலாம். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கும் கட்டலாம்.” ஆபீஸும் மீட்டிங்கும் பெயர்ச்சொற்கள்; ‘க்கு’ ஒட்டியதும் தமிழாக நடக்கின்றன. வினைமுற்று மட்டும் தமிழிலேயே நிற்கட்டும். மரியாதை அதில்தான் இருக்கிறது. “ஆர்டர் பண்ணுங்க” என்பதில் இருக்கும் ‘ங்க’, “ஆர்டர் நவ்” என்பதில் இல்லை.

சேலையின் உறுப்புகளுக்கு ஆங்கிலம் வேண்டாம். கரை, முந்தி, கட்டம் என்றே எழுதுங்கள். அகலக் கரைதான் கண்டாங்கிக்கு அடையாளம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதும் கண்டாங்கி என்ற பெயரில்தான். கட்டத்தை ஆங்கிலத்தில் சொல்லி, அதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், ஆனால் அப்படி அச்சடித்த அட்டைகள் உண்டு.

இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிதான் தெரியும், மிச்சம் மடிந்துவிடும். ஆகவே கலப்பு மேலே, விவரம் கீழே. கீழே வரும் விவரத்தில் கலக்கவே கூடாது, ஏனென்றால் அதைப் படித்துத்தான் அவள் காசு கொடுக்கிறாள், துணியைத் துவைக்கிறாள்.

“ஷேடுல டிரை பண்ணுங்க” என்று ஒருவர் போடுகிறார். அடுத்த வரியிலேயே “ஷேடு லேசா மாறலாம்.” முதலாவது நிழல், இரண்டாவது நிறம். சேலை வியாபாரத்தில் ஷேடு என்றால் நிறம்தானே? படிப்பவள் குழம்பி வெயிலில் காயப்போடுவாள், சாயம் வெளுக்கும், சேலை உங்களிடமே திரும்பி வரும். இப்படி எழுதுங்கள்: “முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். கொஞ்சம் சாயம் இறங்கும். நிழலில் உலர்த்துங்கள். படத்தில் தெரியும் நிறத்துக்கும் நேரில் பார்ப்பதற்கும் சற்று வித்தியாசம் இருக்கலாம்.”

“ரிட்டர்ன் 3 டேஸ்” என்பதும் அப்படித்தான். மூன்று நாளைக்குள் சேலையை அனுப்பவேண்டுமா, மூன்று நாளில் பணம் வருமா? “சேலை கைக்கு வந்த 3 நாளைக்குள் திருப்பி அனுப்பலாம்” என்றால் சண்டையே இல்லை.

இன்னொன்று. புகார் வந்தால் சிலர் “சாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ்” என்று தமிழ் எழுத்தில் போடுகிறார்கள். சேலைக் கடையில் சாரி என்றால் எந்தச் சாரி? “மன்னிச்சுக்குங்க. வேற சேலை நாளைக்குக் கூரியர்ல போட்டுர்றோம்” என்று எழுதி, சொன்னபடி மறுநாளே போட்டுவிடுங்கள்.