பத்து அசைக்குள் ஒரு ரஷ்யப் பல்லவி

நேயர்களுக்கு வணக்கம். பாட்டை மொழிபெயர்ப்பதில் இரண்டு வகை உண்டு. பொருள் தெரிந்தால் போதும் என்று உரைநடையாக எழுதுவது ஒன்று. மெட்டைத் தொடாமல் அதே மெட்டில் வேறு மொழியில் பாடும்படி எழுதுவது இன்னொன்று. இன்று பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. ஆங்கிலத்திலிருந்து ரஷ்யனுக்கு, ஒரே ஒரு பல்லவி.

"மை பானி லைஸ் ஓவர் தி ஓஷன்" என்ற பழைய ஸ்காட்லாந்துப் பாட்டைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அச்சில் 1881-இல் வந்தது. கடலுக்கு அப்பால் போய்விட்ட அன்புக்குரிய ஒருவரைத் திருப்பிக் கொண்டு வரச் சொல்லிக் கேட்கிற பாட்டு. பல்லவி இப்படிப் போகும்: "பிரிங் பேக், பிரிங் பேக், ஓ பிரிங் பேக் மை பானி டு மீ, டு மீ." பிறகு மறுபடி "பிரிங் பேக், பிரிங் பேக், ஓ பிரிங் பேக் மை பானி டு மீ." அவ்வளவுதான்.

முதலில் எண்ணிப் பார்க்கலாம். அசை என்று நான் சொல்வது நேர், நிரை அல்ல. ஒரு உயிரொலிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் 4 அசை, இரண்டாவதில் 10, மூன்றாவதில் மீண்டும் 4, கடைசியில் 8. ரஷ்யனிலும் இதே எண்ணிக்கை வர வேண்டும். ஒன்று கூடினால் இல்லாத சுரத்தை உடைத்துச் சேர்க்க வேண்டிவரும்.

எண்ணிக்கை சுலபமான பகுதி. சிக்கல் அழுத்தத்தில் இருக்கிறது. தமிழில் நம் காது குறில் நெடிலைக் கேட்கும். ரஷ்யனில் குறில் நெடில் பேதம் கிடையாது. ஒரு சொல்லில் ஓர் அசை மட்டும் ஓங்கி ஒலிக்கும், மற்றவை மங்கிப்போகும். அந்த ஓங்கல் இடம் மாறினால் சொல்லே மாறிவிடும். 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. அதனால் தாளத்தின் பலமான தட்டில் தவறான அசை விழுந்தால், கேட்கிறவர் அந்தச் சொல்லைப் பிடிக்கத் தடுமாறுவார்.

இரண்டாவது வரியில் ஓங்கும் இடங்கள் 2, 5, 8, 10: ஓ *பிரிங்* பேக் மை *பா*-னி டு *மீ*, டு *மீ*. இந்த நடை ரஷ்யக் கவிதைக்குப் புதிதல்ல. மூன்று அசைக்கு ஒருமுறை நடுவில் ஓங்கும் வரிகள் அங்கே ஏராளம். அந்த வகையில் நமக்கு அதிர்ஷ்டம். ஆனால் ரஷ்யச் சொற்கள் நீளம். ஆங்கில வரியில் பத்து அசைக்குள் ஒன்பது சொல் அடங்கியிருக்கிறது. ரஷ்யனில் ஐந்து அடங்கினால் பெரிது. ஆகவே எதை விடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். 'ஓ' போகலாம். 'திருப்பிக் கொண்டு வா' போகக் கூடாது.

'திருப்பித் தா' என்பதற்கு ரஷ்யனில் 'வெர்னீ'. இரண்டு அசை, ஓங்குவது இரண்டாவது. இங்கேதான் காகிதத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். பாட்டு மூன்று தட்டுத் தாளம். பல்லவித் தொடக்கத்தில் 'பிரிங்' ஒரு சுற்று முழுக்க நீள்கிறது, 'பேக்' அடுத்த சுற்று முழுக்க நீள்கிறது. சுற்றின் முதல் தட்டே பலமானது. அதில் 'வெர்' என்ற மங்கிய அசை விழுகிறதே என்று பதறத் தோன்றும். அப்போது கைக்கு வருகிற சொல் 'வியேதெர்', அதாவது காற்று. ஓங்குவது முதல் அசை. பின்னால் வருகிற ஒரு சரணத்தில் காற்றைக் கூப்பிட்டு 'வீசுங்கள்' என்று சொல்கிறார்கள். எனவே பொருளும் ஒட்டும். "வியேதெர், வியேதெர்" என்று எழுதிப் பார்த்தால் கச்சிதமாகத் தெரியும்.

பாடிப் பாருங்கள், அப்போது தெரியும் கோளாறு. மெட்டில் 'பிரிங்' கீழ்ப் பஞ்சமம், 'பேக்' ஷட்ஜம். அடுத்த 'பிரிங்' தைவதம், 'பேக்' ரிஷபம். இரண்டு முறையும் மெட்டு மேலே தாவுகிறது. ஆங்கிலத்திலும் அந்தத் தொடரில் பேச்சு ஓங்குவது 'பேக்'கில்தான். 'வியேதெர்' போட்டால் மங்க வேண்டிய 'தெர்' உச்சியில் போய் நின்று கத்தும். 'வெர்னீ' போட்டால் 'னீ' உச்சியைப் பிடிக்கிறது. தட்டு ஒன்று சொல்ல, சுருதி ஒன்று சொன்னால் நான் சுருதியின் பக்கம். எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தாது. துள்ளலான நடனப் பாட்டில் தட்டுதான் ஜெயிக்கும்.

'வெர்' ஒரு சுற்று முழுக்க நீள்வது குறைதான். அதற்குப் பாடகர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: 'ர்' ஒலியை அடுத்த அசைக்குத் தள்ளி, 'வெ' என்று திறந்த உயிரை மெதுவாகப் பிடித்து, 'ர்னீ' என்று ஏறுவார்கள்.

இரண்டாவது வரியில் 'ஓ பிரிங்' இருக்கும் இடத்திலும் அதே 'வெர்னீ' உட்காருகிறது: மங்கிய அசை, பிறகு ஓங்கிய அசை. ஆக ஆங்கிலத்தில் ஆறு முறை வரும் 'பிரிங் பேக்'குக்கு ரஷ்யனில் ஆறு 'வெர்னீ' கிடைத்துவிடுகிறது.

அடுத்தது வரியின் முடிவு. 'டு மீ' என்பதற்கு நேராகக் 'கம்னியே' இருக்கிறது. இரண்டு அசை, ஓங்குவது கடைசியில், அளவு அப்படியே. ஆனாலும் எடுக்கக் கூடாது. 'எனக்குத் திருப்பித் தா' என்பதற்கு ரஷ்யனில் வேற்றுமை உருபே போதும். 'கம்னியே' என்பது 'என்னிடம் திரும்பி வா' என்ற வினையோடு சேர்வது. இங்கே போட்டால் வெளியூர்க்காரர் பேசிய ரஷ்யன் மாதிரி இருக்கும். அப்புறம் கடைசிச் சுரத்துக்கு ஏறும் நேரத்தில் 'ம்னி' என்ற மெய்க் கூட்டம் வேறு. அதற்குப் பதில் 'தமோய்', வீட்டுக்கு. இழுக்க வசதியான ஓகாரம். ஆங்கிலத்தில் வீடு இல்லை; ஆனால் கடலுக்கு அப்பால் போனவர் எங்கே வர வேண்டும் என்று கேட்டால் அதுதானே பதில்.

மிச்சம் 'மை பானி'. பானி என்பது ஸ்காட்லாந்துப் பேச்சில் அழகானவர் என்பது போன்ற சொல். ஆணா பெண்ணா என்று பாட்டு சொல்வதில்லை. நாடிழந்து ஓடிய இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டைத்தான் பாடுகிறார்கள் என்று சொல்வோரும் உண்டு. ரஷ்யனில் 'என்' என்ற சொல்லே பால் காட்டும். 'மயூ பானி' என்றால் அசையும் அழுத்தமும் துல்லியமாக விழுகின்றன, ஆனால் பானி ஒரு பெண்ணாகிவிடுகிறாள். ஆணுக்கு 'மயிவோ' வேண்டும், ஓர் அசை கூடிப்போகும். இதற்கு வழி 'ராதஸ்த்'. மகிழ்ச்சி என்று பொருள். அன்பானவரை ஆணோ பெண்ணோ 'என் மகிழ்ச்சியே' என்று ரஷ்யர் கொஞ்சுவது வழக்கம். சொல் இலக்கணத்தில் பெண்பால் என்பதால் 'மயூ' அப்படியே நிற்கும்.

ஆக வரி: "வெர்னீ மயூ ராதஸ்த் தமோய், தமோய்." பத்து அசை, ஓங்குவது னீ, ரா, மோய், மோய். 'மயூ'வின் 'யூ' தனியாகச் சொன்னால் ஓங்கும். ஆனால் 'என்', 'உன்' போன்ற சிறு சொற்களின் அழுத்தம் வரிக்குள் அமுங்கிப்போவதை ரஷ்யக் காது ஏற்கும்.

பல்லவி இப்படி முடிந்ததும் சரணத்துக்கு ஒரு கடன் ஏறுகிறது. ஆங்கிலச் சரணத்தில் 'சீ'யும் 'மீ'யும் எதுகை போல ஒலிக்கின்றன. இனி அங்கே 'ஓய்' என்று முடியும் சொல் வேண்டும். ரஷ்யனில் அதற்குப் பஞ்சமில்லை. அலை என்பதற்கு 'வல்னா'. 'அலைக்கு அப்பால்' என்று சொல்ல வேண்டுமானால் 'வல்னோய்' என்று உருபேற்று வந்துவிடும். அதனால்தான் பல்லவியை முதலில் எழுத வேண்டும், சரணத்தைப் பிறகு.

ஒரு உறுத்தல் மட்டும் தீரவில்லை. 'ராதஸ்த் தமோய்' என்ற இடத்தில் ஸ், த், த் மூன்றும் ஒரு குட்டிச் சுரத்துக்குள் முட்டிக்கொள்கின்றன. நிதானமாகப் பாடினால் சமாளிக்கலாம். குழந்தைகள் குழு வேகமாகப் பாடப்போகிறார்கள் என்றால் நானே 'மயூ பானி தமோய்' என்றுதான் எழுதிக் கொடுப்பேன். பானி பெண்ணாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நன்றி, வணக்கம்.