விவரணைக்கு எத்தனை மதிப்பெண், பகுப்பாய்வுக்கு எத்தனை?

[திரையில்: ஒப்படைப்பின் வினா மட்டும்]

வணக்கம். முதுநிலை ஒப்படைப்புகளைத் திருத்துபவர்களுக்கான இந்தக் காணொளியில் ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். "செவிலியர்கள் பணியிலிருந்து விலகுவதை ஹெர்ஸ்பெர்க்கின் இரு காரணிக் கோட்பாடு எந்த அளவுக்கு விளக்குகிறது? ஒரு மருத்துவமனையின் தரவுகளைக் கொண்டு மதிப்பிடுக." மொத்தம் 100 மதிப்பெண், அதில் 40 மதிப்பெண் விமர்சனப் பகுப்பாய்வுக்கு என்று மதிப்பீட்டு அட்டவணை சொல்கிறது. இந்தப் பகுதியை மூன்று மாணவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். மூன்று விடைகளும் இந்த விளக்கத்துக்காகவே எழுதப்பட்டவை.

[திரையில்: முதல் விடை]

"ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு, 1959-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். சாதனை, அங்கீகாரம் போன்றவை பணியில் நிறைவைத் தரும் ஊக்கக் காரணிகள். ஊதியம், பணிச்சூழல் போன்றவை, குறைந்தால் அதிருப்தியை உண்டாக்கும் சுகாதாரக் காரணிகள். இம்மருத்துவமனையில் விலகியவர்கள் ஊதியத்தையும் இரவுப் பணியையும் காரணமாகக் கூறியுள்ளனர்."

தகவல்கள் சரி, மொழியும் தெளிவு. ஆனால் எந்த வாக்கியமும் மாணவரின் தீர்ப்பைச் சொல்லவில்லை. கோட்பாடு ஒரு பக்கமும் தரவு மறுபக்கமும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. அறிவுக்கும் புரிதலுக்கும் உரிய மதிப்பெண்ணை இவருக்குத் தயங்காமல் கொடுக்கலாம். பகுப்பாய்வில் 40-க்கு 12 அளவில்தான் நிற்கும்.

[திரையில்: இரண்டாம் விடை]

"எனினும், விக்டர் வ்ரூம் 1964-இல் இக்கோட்பாட்டை விமர்சித்தார். மக்கள் தங்கள் நிறைவுக்குத் தங்கள் உழைப்பையும், அதிருப்திக்குச் சூழலையும் காரணமாகக் கூறக்கூடும் என்றார். எனவே இக்கோட்பாட்டுக்குச் சில வரம்புகள் உண்டு."

பல மதிப்பீட்டாளர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். "எனினும்", "விமர்சித்தார்", "வரம்புகள்" ஆகிய சொற்களைக் கண்டவுடன் கை தானாகவே உயர்ந்த மதிப்பெண்ணை நோக்கிப் போகிறது. ஆனால் இந்த மாணவர் செய்திருப்பது ஒருவரின் விமர்சனத்தை எடுத்துரைத்ததே; விமர்சனத்தை விவரிப்பதும் விவரணையே. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: அந்த மூன்று வாக்கியங்களை நீக்கிவிட்டு விடையின் முடிவுரையைப் படியுங்கள். முடிவுரையில் ஒரு சொல்கூட மாறத் தேவையில்லை என்றால், அந்த விமர்சனம் வாதத்தில் எந்த வேலையும் செய்யவில்லை. எதிர்க்கருத்தைத் தேடிப் படித்து, பொருத்தமான இடத்தில் வைத்த முயற்சிக்காக இவருக்கு 20 அளவில் தரலாம். அதற்கு மேல் தருவதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை.

[திரையில்: மூன்றாம் விடை]

"ஹெர்ஸ்பெர்க் தம் முடிவுகளை, பணியாளர்கள் நினைவுகூர்ந்து சொன்ன நிகழ்வுகளிலிருந்து பெற்றார். இம்மருத்துவமனையின் விலகல் நேர்காணல்களும் அதே வகைத் தரவுகளே. வ்ரூம் சுட்டிய சார்பு அங்கே இருந்தால் இங்கேயும் இருக்கக்கூடும். ஆகவே செவிலியர்கள் ஊதியத்தையும் இரவுப் பணியையும் குறிப்பிட்டதை மட்டும் வைத்து இக்கோட்பாடு உறுதிப்படுகிறது என்று கொள்ள இயலாது. ஆனால் பணிப் பட்டியலின்படி, விலகியவர்களில் பெரும்பாலோர் தொடர் இரவுப் பணி பார்த்தவர்கள். எனவே இரவுப் பணியைப் பொறுத்தவரை கோட்பாட்டின் விளக்கம் ஏற்கத்தக்கது; ஊதியத்தைப் பொறுத்தவரை இத்தரவு போதாது."

இங்கும் விவரணை இருக்கிறது. முதல் இரண்டு வாக்கியங்கள் முழுக்க விவரணைதான். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது, ஏனெனில் அவை இல்லாமல் மூன்றாவது வாக்கியம் நிற்காது. வ்ரூமின் விமர்சனம் இவருடைய முடிவையே மாற்றியிருக்கிறது: இரண்டு காரணங்களில் ஒன்றை ஏற்கிறார், மற்றொன்றை நிறுத்திவைக்கிறார். ஆனாலும் முழு மதிப்பெண் தர முடியாது. விலகாமல் தங்கியவர்களும் அதே அளவு இரவுப் பணி பார்த்தார்களா என்று இவர் ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீடு இல்லாதவரை பணிப் பட்டியலின் சான்றும் அரைகுறையே. 40-க்கு 30 என்பது என் கணிப்பு.

[திரையில்: மதிப்பீட்டு அட்டவணை]

இன்னொரு எச்சரிக்கை. முதல் மாணவருக்குப் பகுப்பாய்வில் குறைத்த பிறகு, "விவரணை அதிகம்" என்று கட்டமைப்புப் பகுதியிலும் குறைத்தால், ஒரே குறைக்கு இரண்டு முறை தண்டிக்கிறோம். அதேபோல், பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் முதுநிலைத் தேர்ச்சிக்கு 50 என்பதே எல்லை. 48, 49 என்று நிற்கும் தாளில், பகுப்பாய்வுக்குக் கொடுத்த மதிப்பெண் எந்த வாக்கியத்துக்காக என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். இரண்டாவது மதிப்பீட்டாளர் வேறு மதிப்பெண் தந்தால், இருவரும் அந்த வாக்கியத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேச முடியும்.

மாணவருக்கு எழுதும் குறிப்பும் அதே வாக்கியத்தைச் சுட்ட வேண்டும். "பகுப்பாய்வு போதாது" என்று எழுதினால் இரண்டாம் மாணவருக்கு எதுவும் விளங்காது. வ்ரூமை மேற்கோள் காட்டியதே பகுப்பாய்வு என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். "வ்ரூம் சொன்னது சரியென்றால், நீங்கள் பயன்படுத்திய விலகல் நேர்காணல்களை எவ்வளவு நம்பலாம்?" என்று கேளுங்கள். அடுத்த ஒப்படைப்பில் அவர் எழுத வேண்டிய பத்தி அந்தக் கேள்விக்கான விடைதான்.