வேரில் காய்க்கும் பலா

நேயர்களுக்கு வணக்கம். நான் இளங்கலைத் தமிழ் படித்தபோது திருவல்லிக்கேணியில் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். சங்க இலக்கியத் தேர்வுக்கு முந்தைய இரவு, மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நானும் என் அறைத்தோழியும் குறுந்தொகையின் 18ஆம் பாட்டில் மாட்டிக்கொண்டிருந்தோம். கபிலர் பாடியது, ஐந்தே அடி.

"வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃ தறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே."

இரவில் வந்து தலைவியைப் பார்த்துவிட்டுப் போகும் தலைவனிடம் தோழி சொல்வது என்பது மட்டும் தெரியும். நான் 'ஆகுமதி'யில் நிலாவைத் தேடினேன். அது வெறும் அசை. 'செவ்வியை ஆகு', அதாவது திருமணத்துக்கு நல்ல நேரம் பார் என்கிறாள், அவ்வளவுதான். அடுத்தது 'உயிர்தவ'. உயிர் தவறிப்போகிறது என்று குறிப்பேட்டில் எழுதியே விட்டேன்.

"நடுவுல 'ச்' நிக்குது பாருடி," என்றாள் அறைத்தோழி. அதுதான் துப்பு. சால, உறு, தவ, நனி என்று மனப்பாடம் செய்திருந்தோமே, அந்தத் 'தவ'. மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். அதன் பின்னால் வல்லினம் மிகும். ஆக, உயிர் மிகவும் சிறியது.

சரி, முதல் அடி? வேரல் என்றால் சிறுமூங்கில் என்று அகராதி சொன்னது. 'வேர்க்கோடு' மட்டும் பிடிபடவில்லை. வேருக்கு ஏது கிளை? அறைத்தோழிக்குச் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். "வேர்ப்பலா பார்த்ததே இல்லையா நீ? அடிமரத்துல, மண்ணை ஒட்டியே காய்க்கும். விழறதுக்கு இடமே இல்ல. மெல்லிசு கொம்புல பிஞ்சு பிடிச்சா அப்பா கிள்ளிடுவாரு. விட்டா பழுக்கறதுக்குள்ள கொம்பு முறிஞ்சிடும்."

சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். இருவரும் நாலாம் அடியைப் பார்த்தோம். சிறுகோட்டுப் பெரும்பழம்!

பாட்டில் பலா இரண்டு தடவை வருகிறது. அவன் ஊர்ப் பழத்துக்கு வேர் தாங்கல், சுற்றிலும் மூங்கில் வேலி. அவன் பொறுமையாக இருக்கலாம். இவளோ சின்னக் கொம்பு. நாளுக்கு நாள் கனக்கும் பழத்தை எத்தனை நாள் சுமப்பாள்? "யாரஃ தறிந்திசினோரே", அதை யார் அறிவார் என்று தோழி கேட்பதும் அப்போதுதான் புரிந்தது. தலைவி தன் வாயால் சொல்லமாட்டாள், அவனுக்கோ தெரியவில்லை. எந்த நேரமும் முறியலாம் என்ற சொல் பாட்டில் எங்குமே இல்லை. பலாவைப் பார்த்தவர்களுக்கு அது தானாகக் கேட்கும்.

கடைசியில் 'காமமோ' என்பதில் உள்ள ஓகாரம் மிச்சமிருந்தது. பொருள் எழுதிப் பார்த்தோம், சரியாக வரவில்லை. அறைத்தோழி விளக்கவுரையை மூடிவைத்துவிட்டுக் கடைசி அடியை வாய்விட்டுப் படித்தாள். 'உயிர் தவச் சிறிது' என்பதைத் தணிந்த குரலில் சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, 'காமமோ...' என்று இழுத்தாள்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.