காலர் மைக்ல மூச்சு மட்டும் ஏன் இவ்வளவு பெருசா கேக்குது? தப்பு மைக்ல இல்ல, ஸ்கிரிப்ட்ல!

[திரையில்: ஒலி அலை. ஒரு பெரிய மேட்டுக்கு முன்னாடி சின்னதா ஒரு மேடு.]

இந்தச் சின்ன மேடு மூச்சு. பக்கத்துல உச்சந்தலை சீவின மாதிரி தட்டையா நிக்குறது "மிரண்டுட்டேன்!"னு கத்தின இடம். மூச்சை எடிட்ல குறைச்சுக்கலாம். தட்டையானதைத் திரும்ப முழுசா கொண்டு வர முடியாது. ரெண்டுமே ஒரே வாக்கியத்துல பிறந்தது. அந்த வாக்கியத்தைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

முதல்ல மைக்கை முடிச்சுடலாம். காலர் மைக் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் கேக்கும். தாடைக்கு ஒரு சாண் கீழ, நெஞ்சுல இருக்கும். ஹேண்ட் மைக் பெரும்பாலும் முன்பக்கம் வர்றதைத்தான் நல்லா கேக்கும். அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது: மூக்கு துவாரம் கீழ பார்த்துதானே இருக்கு? அப்போ மூக்கு வழியா விடுற காத்து நேரா நெஞ்சுல வந்து மோதும். சட்டையில குத்தின மைக்குக்கு அது ஒரு குட்டி ஃபேன்! அதனால மைக்கைத் தலைகீழா, தலை தரையைப் பார்க்குற மாதிரி குத்துங்க. எல்லாப் பக்கமும் கேக்குற மைக்கா இருந்தா குரல்ல வித்தியாசம் பெருசா தெரியாது, காத்து மட்டும் நேரா மோதாது. டிவி ஒலிப்பதிவுல காலங்காலமா இருக்குற வழக்கம்தான், செஞ்சு பாருங்க!

இப்போ ஸ்கிரிப்ட். கேமரா ரிவ்யூக்கு எழுதின ஒரு வரி:

"பெட்டியைப் பிரிச்சு, பேட்டரியைப் போட்டு, மெமரி கார்டைச் சொருகி, தேதியை மாத்தி, வாசல்ல நின்னு முதல் போட்டோ எடுத்துப் பார்த்தா, மிரண்டுட்டேன்!"

படிக்க அழகா இருக்கு. பேசிப் பாருங்க. தமிழ்ல வினைமுற்று கடைசியில வரும். பிரிச்சு, போட்டு, சொருகின்னு எச்சமா அடுக்கிட்டே போனா, நிறுத்தி மூச்சு வாங்க இடமே இல்ல. "பார்த்தா"வுக்கு வரும்போது காத்து தீர்ந்திருக்கும். அங்க 'ஹக்'னு வேகமா ஒரு மூச்சு. குறுகின தொண்டையில காத்து எவ்வளவு வேகமா போகுதோ அவ்வளவு சத்தம். அந்தப் புது மூச்சோட முழு பலமும் "மிரண்டுட்டேன்" மேல விழும். மூச்சும் கத்தலும் இடைவெளியே இல்லாம ஒட்டி வரும். மூச்சை வெட்டினா "மி"யும் சேர்ந்து போயிடும்.

அதே வரியை இப்படி எழுதுங்க:

"பெட்டியைப் பிரிச்சேன். பேட்டரி, மெமரி கார்டு ரெண்டையும் போட்டேன். தேதியை மாத்தினேன். வாசல்ல நின்னு முதல் போட்டோ எடுத்தேன். [மூச்சு. நிறுத்தம்.] மிரண்டுட்டேன்."

ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலயும் கொஞ்சமா காத்து உள்ள போகும். கொஞ்சமா, மெதுவா, வாயை லேசா திறந்து எடுத்தா கிட்டத்தட்ட கேக்காது. கடைசி மூச்சுக்கு அப்புறம் அரை நொடி சும்மா இருங்க, எடிட் பண்றவர் கை வைக்க அதுதான் இடம். அங்கேயும் மூச்சைச் சுத்தமா அழிக்காதீங்க, 6-லிருந்து 10 டெசிபல் குறைச்சா போதும். முழுசா அழிச்சா பேசுறவர் திடீர்னு காணாமப் போன மாதிரி இருக்கும்.

ஆச்சரியக்குறி போயிடுச்சு, கவனிச்சீங்களா? அது இருந்தாலே வாய் கத்தும். காலர் மைக் உங்க கூடவே நகரும், கத்தும்போது தள்ளிப் போக வழியில்ல. அதனால அழுத்தத்தை முன்னாடி இருக்குற நிறுத்தம் தரணும். என் கருத்துல, தாழ்ந்த குரல்ல சொன்ன "மிரண்டுட்டேன்" கத்தினதைவிட நல்லா நம்ப வைக்குது.

ஹேண்ட் மைக்ல கை இருக்கு. வாயிலிருந்து 5 செ.மீ.ல பிடிச்சிருந்தா, சிரிக்கப் போற இடத்துல 10 செ.மீ.க்கு இறக்குங்க, ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஸ்கிரிப்ட்ல அந்த இடத்துல "மைக் தள்ளு"ன்னே எழுதி வைங்க. வாய்க்கு நேரா இல்லாம ஓரமா சாய்ச்சுப் பிடிச்சா காத்தும் தப்பிச்சுடும்.

லெவல் வைக்கும்போது "ஒன், டூ, த்ரீ" வேண்டாம். ஸ்கிரிப்ட்லயே சத்தமான வரியைப் பேசுங்க. ஒலி மீட்டர்ல சாதாரணப் பேச்சோட உச்சம் -12 டெசிபல் பக்கம், அந்த வரி -6ஐத் தாண்டாம இருந்தா நிம்மதி.

ஒரு எச்சரிக்கை. கேமராவுல ஒலி அளவு 'ஆட்டோ'ல இருந்தா, நான் சொன்ன அரை நொடி நிறுத்தமே எதிரியாயிடும். அமைதி வந்ததும் அது அளவை ஏத்தும், மூச்சு பெருசாகும், அடுத்த வார்த்தை வெடிக்கும். அதை மேனுவலுக்கு மாத்துங்க. மாத்தவே முடியாத போன்னா, நிறுத்தத்தைச் சுருக்கி, அடுத்த வரியோட முதல் வார்த்தையை மென்மையா ஆரம்பிங்க.

உங்க ஸ்கிரிப்ட்ல மூச்சு முட்டுற ஒரு வரியை கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல அதைப் பிரிச்சு எழுதிப் பேசிக் காட்டுறேன்.