எனக்கு விஷமமா இருக்கு, டீச்சர்

(தக்கலையில் பெற்றோரும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. விளவங்கோடு வட்டத்தில் ஒரு பள்ளிக்கு மாறுதலாகி வந்த முதல் மாதத்தில், இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி என் மேசைப் பக்கம் வந்து நின்று, "எனக்கு விஷமமா இருக்கு, டீச்சர்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "விஷமம் பண்ணாம போய் உக்காரு" என்று அனுப்பிவிட்டேன். எங்கள் ஊரில் விஷமம் என்றால் குறும்பு. இங்கே, மலையாளமும் தமிழும் ஒரே வீட்டில் புழங்கும் பிள்ளைக்கு விஷமம் என்றால் வருத்தம். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்ல வந்த குழந்தையை நான் குறும்புக்காரி என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வகுப்பு டீச்சர் சொல்லித்தான் அது எனக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடி கேட்டேன். முதல் நாள் வந்த சொல் இரண்டாம் நாள் வரவில்லை. "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டாள்.

வாக்கிய அட்டைகளைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு மனசில் ஒன்று இருக்கும், அதைச் சொல்ல வாக்கியம் இருக்காது. வாக்கியம் இல்லாத இடத்தில் கை நீளும், அல்லது "டீச்சர், இவனைப் பாருங்க" என்று புகார் வரும். பாதி வாக்கியத்தை நாம் எழுதிக் கொடுத்து, மீதியை அவர்களே நிரப்பவிடுவதுதான் இந்த அட்டை. ஆனால் அந்தப் பாதி வாக்கியம் பிள்ளையின் வாயில் புழங்குகிற தமிழில் இருக்க வேண்டும். நான் தப்பு செய்த இடமே அதுதான்.

இந்த முறைக்கு ஒரு வேர் உண்டு. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன் 1960களில், குற்றம் சாட்டுகிற 'நீ' வாக்கியத்துக்குப் பதிலாக 'நான்' என்று தொடங்கும் வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தார். "நீ மோசம்" என்பதற்குப் பதில், நீ இதைச் செய்தபோது எனக்கு என்ன ஆனது என்று சொல்வது. நானும் அதை அப்படியே எடுத்து, முதல் அட்டையில் "நான் ______ உணர்கிறேன்" என்று எழுதினேன். பிள்ளைகள் மனப்பாடப் பாட்டு மாதிரி ராகம் போட்டு வாசித்தார்கள். சண்டை வந்தபோது ஒரு பிள்ளையும் அதைச் சொல்லவில்லை. தமிழில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? நமக்குக் கோபம் வரும், அழுகை வரும், பயமாக இருக்கும். 'நான்' அல்ல, 'எனக்கு'. அந்த 'எனக்கு' ஒரு நல்ல சொல். கோபம் என்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது, நானே கோபம் ஆகிவிடவில்லை என்பது அதிலேயே இருக்கிறது.

அப்புறம் இன்னொரு சிக்கல். "எனக்கு ______ வருது" என்று எழுதினால் கோபத்துக்கும் அழுகைக்கும் பொருந்தும், பயத்துக்கும் சங்கடத்துக்கும் பொருந்தாது. அவை "பயமா இருக்கு", "சங்கடமா இருக்கு" என்றுதான் முடியும். வெறும் பெயர்ச்சொல்லுக்கு இடம் விட்டால் பிள்ளை அங்கேயே தடுக்கி விழும். அதனால் "கோவம் வருது", "அழுக வருது", "பயமா இருக்கு", "சங்கடமா இருக்கு", "நாணமா இருக்கு", "விஷமமா இருக்கு" என்று முழுத் தொடராகவே சிறு பட்டைகளில் எழுதி, 'எனக்கு' அட்டையின் அடியில் நூலில் கோத்துத் தொங்கவிட்டேன். ஆறுக்கு மேல் வைப்பதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு முகம் வரைந்திருக்கும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்து இன்னும் முழுசாகக் கைவந்திருக்காது, முகத்தைப் பார்த்துப் பட்டையை எடுத்துக்கொள்ளும்.

மொத்தம் நான்கே அட்டை. கெட்டியான சார்ட் தாளில், உள்ளங்கை அளவு. முதலாவது 'எனக்கு'. இரண்டாவது, "நீ ______ப்போ". மூன்றாவது கேட்கிறவர் கையில் இருப்பது: "உனக்கு ______. அப்படித்தானா?" நான்காவது, "நாம ______ செய்வோமா?" பிள்ளையின் கண் உயரத்தில், கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். வாரம் ஓர் அட்டைதான் பழக்குவேன். அதுவும் சண்டை இல்லாத நேரத்தில், இரண்டு துணிப் பொம்மைகளைச் சண்டை போடவைத்து. முதல் வாரம் சந்தோஷத்திலிருந்து தொடங்குவது நல்லது. சண்டை நேரத்தில் மட்டும் எடுத்தால், அட்டையைப் பார்த்ததுமே பிள்ளைக்கு முகம் வாடிவிடும்.

சரி, நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கணக்கு வகுப்பில் பத்துப் பத்தாக எண்ண மஞ்சாடி விதை கொடுத்திருந்தேன். ஒருத்தி நான்கு வரிசை அழகாக அடுக்கிவிட்டாள். பக்கத்தில் இருந்த பையன் பென்சில் பெட்டியை எடுக்கக் கையை நீட்டினான். முழங்கை பட்டு மஞ்சாடி முழுக்க பெஞ்சுக்கு அடியில் உருண்டது. அவள் "போலே!" என்று கத்தினாள். அவன் "நான் ஒண்ணும் செய்யல்ல" என்றான். அவள் அழத் தொடங்கினாள்.

அழுகிற பிள்ளை கையில் அட்டையைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அதைத் தூக்கி எறியும், எறிந்ததற்கும் சேர்த்துத் திட்டு வாங்கும். முதலில் தண்ணீர். முகம் கழுவிவிட்டு வரட்டும். தோள் ஏறி இறங்குவது நின்று, மூச்சு சீரானதும் அட்டைப் பக்கம் போகலாம்.

அவள் பட்டைகளைத் தடவி 'விஷமமா இருக்கு' பட்டையை எடுத்தாள். "எனக்கு விஷமமா இருக்கு. நீ கைய நீட்டினப்போ எனக்க மஞ்சாடி எல்லாம் கொட்டிப் போச்சு." இரண்டாம் அட்டைக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு: போட்டோ எடுத்தால் அதில் தெரிகிறதை மட்டும் சொல்ல வேண்டும். கை நீட்டியது போட்டோவில் தெரியும். "வேணும்னே செய்தான்" என்பதும், "எப்பவும் இப்படித்தான்" என்பதும் தெரியாது. பிள்ளைகள் இந்த விதியைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், ஒருவரை ஒருவர் "அது போட்டோல வராது" என்று திருத்துகிறார்கள்.

பையன் உடனே, "நான் வேணும்னு செய்யல்ல" என்று தொடங்கினான். மூன்றாம் அட்டை அவன் கையில் இருந்ததால் நிறுத்தி, அதைப் பார்த்துச் சொன்னான்: "உனக்கு விஷமம். மஞ்சாடி கொட்டிப் போனதுக்கு. அப்படித்தானா?"

"இல்ல" என்றாள் அவள். "கொட்டினதுக்கு இல்ல. நீ பாத்துக்கிட்டே இருந்த. பெறக்கித் தரல்ல."

நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. நானாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், தெரியாமல் பட்டது, விடு என்று முடித்திருப்பேன். அவளுடைய வருத்தமோ வேறு இடத்தில் இருந்திருக்கிறது. நான்கு அட்டைகளில் மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பல இடங்களில் அதை விட்டுவிட்டு, 'எனக்கு' அட்டையை மட்டும் மாட்டுகிறார்கள். அப்போது இரண்டு பிள்ளைகளும் மாறி மாறி எனக்கு எனக்கு என்று சொல்லிக்கொண்டு இருப்பார்கள், ஒன்றும் முடியாது.

அடுத்து அவன் முறை. அட்டை கை மாறியது. "எனக்கு நாணமா இருந்துச்சு. நீ போலேன்னு கத்தினப்போ எல்லாரும் என்னப் பாத்தாங்க." அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். பிறகு அவனே, "நாம ரெண்டு பேரும் பெறக்குவோமா? நீ அடுக்கு, நான் எடுத்துத் தாறேன்" என்றான். இருவரும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள். நான்காம் அட்டையில் 'நாம' என்று இருப்பது யோசித்து எழுதியது. 'நாங்க' என்றால் எதிரில் இருப்பவர் வெளியே நிற்கிறார், 'நாம' என்றால் அவரும் உள்ளே. பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியாது, வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மன்னிப்புக் கேட்க அட்டை இல்லையா என்று போன கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்கள். வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. வைத்தால் அதைச் சொல்லிவிட்டு ஓடிப்போவார்கள். காய் விட்டவர்கள் பழம் விட்டுக்கொள்ள நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வழி தெரியும், அது தானாக நடக்கட்டும்.

கெட்டுப்போகிற விதத்தையும் சொல்லிவிட வேண்டும். சண்டைகள் சீக்கிரம் முடிகின்றன என்று ஒரு பருவம் முழுக்க நான் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு நோட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை, கடைசியில் யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று மட்டும் குறிக்கத் தொடங்கினேன். ஒரே பையன் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. வாய் அடங்கிய பிள்ளை. "நாம இப்படிச் செய்வோமா" என்று எதிராளி கேட்டதும் தலையாட்டிவிடுவான். அட்டை அவனுக்கு உதவவில்லை, இன்னொருவன் கேட்டதை மரியாதையாக வாங்கிக்கொள்ளத்தான் உதவியது. இப்போது நான்காம் அட்டையின் பின்பக்கத்தில் "எனக்கு அது வேண்டாம். வேற யோசிப்போமா?" என்று எழுதியிருக்கிறேன். அவனோடு தனியாக உட்கார்ந்து பொம்மையை வைத்து அந்த வரியைப் பல நாள் பழக்கினேன்.

அதே மாதிரி, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைத் தினமும் அடிப்பது, கும்பலாகச் சேர்ந்து ஒருவனை ஒதுக்குவது, தொடக் கூடாத இடத்தில் தொடுவது, இவற்றுக்கு அட்டை கிடையவே கிடையாது. அங்கே இருவரையும் எதிரெதிரே உட்காரவைப்பதே அநியாயம். பெரியவர்கள் நடுவில் வந்தாக வேண்டும். தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட வேண்டும். பென்சில், இடம், முறை, தட்டிவிட்டது, பட்டப் பெயர் மாதிரிச் சின்ன விஷயங்களோடு அட்டையின் வேலை முடிகிறது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணன் தங்கை சண்டையில் 'நீ' அட்டை முட்டும். தங்கை அண்ணனை 'நீ' என்று சொன்னால் பாட்டி திட்டுவாள் என்றால், "அண்ணன் ______ப்போ" என்று எழுதிக்கொடுங்கள், வாக்கியம் அப்படியே வேலை செய்யும்.

அட்டைகள் அந்த மேசைமேல் இருக்கின்றன. பக்கத்தில் வெறும் பட்டைகளும் ஸ்கெட்ச் பேனாவும் வைத்திருக்கிறேன். நான் வெளியூர்க்காரி என்பதால் இந்தப் பட்டைகளில் பாதிச் சொற்கள் பிள்ளைகள் கொடுத்தவை. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், தோவாளையிலிருந்து வந்திருக்கிறீர்கள், குலசேகரத்திலிருந்தும் சிலர் இருக்கிறீர்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்போது உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தச் சொல்லைச் சொல்கிறது என்று ஒரு பட்டையில் எழுதிவிட்டுப் போங்கள். பிள்ளை சொல்வது போலவே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.