தாமத அறிவிப்பைப் பிழை பார்க்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: "எங்கள் டீம் லீட் ஸ்டேக்ஹோல்டர்களுக்கு அனுப்பப்போகும் தாமத அறிவிப்பை என்னிடம் கொடுத்து, பிழை மட்டும் பார்த்துக் கொடு என்றார். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படித்தால் ஒரு பதற்றம் தெரிகிறது, காரணமும் பிடிபடவில்லை. நான் எதுவரை கை வைக்கலாம்? டிராஃப்டை அனுப்பியிருக்கிறேன்."

சரி, அந்த டிராஃப்டை அப்படியே வாசித்துவிடுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

"பொருள்: முக்கிய அறிவிப்பு. அனைவருக்கும் வணக்கம். தவிர்க்க முடியாத சில காரணங்களால் நமது வாடிக்கையாளர் பதிவு மாற்றும் பணியில் சிறிய தாமதம் ஏற்பட்டுள்ளது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். பலமுறை நினைவூட்டியும் வெண்டர் பிப்ரவரி 12 அன்று தர வேண்டிய கோப்புகளை 25 அன்றுதான் தந்தார்கள். மேலும் சில தரவுச் சிக்கல்களும் கண்டறியப்பட்டன. நாம் இதை முன்கூட்டியே கவனிக்கத் தவறிவிட்டோம். எனவே மார்ச் 10, திங்கள் அன்று தொடங்கவிருந்த புதிய மென்பொருள் இரண்டு வாரம் தள்ளி மார்ச் 31, செவ்வாய் அன்று கண்டிப்பாகத் தொடங்கும். மீண்டும் வருந்துகிறோம். தயவுசெய்து ஒத்துழைக்கவும்!!"

எழுத்துப்பிழை இல்லை என்பது உண்மைதான். ஆனால் பிழை இருக்கிறது. இந்த மாதிரி மெயிலில் நான் முதலில் வார்த்தைகளைப் படிப்பதில்லை. தேதி, கிழமை, எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதிக்கொள்வேன். இங்கே மார்ச் 10, மார்ச் 31. இடையில் 21 நாள், அதாவது சரியாக மூன்று வாரம். மெயில் இரண்டு வாரம் என்கிறது. மூன்று வாரம் கழித்து அதே கிழமைதான் வரும் என்பதால், 10 திங்கள் என்றால் 31-ம் திங்களாகத்தான் இருக்க வேண்டும். செவ்வாய் என்று போட்டிருக்கிறது. காலண்டரைத் திறக்காமலே இரண்டு தவறு கிடைத்துவிட்டது.

ஒருமுறை நானே இப்படி ஒரு மெயிலை ஒற்று மிகுதல் வரை பார்த்துக் கொடுத்தேன், கிழமையை விட்டுவிட்டேன். வந்த பதில் எல்லாமே "திங்களா செவ்வாயா?" என்பதுதான். தாமதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அடுத்தது காரணம். இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். காரணம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கு போடுங்கள்: சொன்ன காரணங்களைக் கூட்டினால் சொன்ன தாமதம் வருகிறதா? கோப்பு பிப்ரவரி 12-க்குப் பதில் 25-ல் வந்தது. சனி ஞாயிறு கழித்தால் 9 வேலை நாள். மார்ச் 10-இலிருந்து 9 வேலை நாள் தள்ளினால் மார்ச் 21 வெள்ளிக்கிழமை வரும். ஆனால் லீட் 31 என்கிறார். மார்ச் 10-க்கும் 31-க்கும் இடையே 15 வேலை நாள். மிச்சம் 6 நாள் எங்கே போனது? "சில தரவுச் சிக்கல்கள்" என்ற மூன்று சொல்லுக்குள் அது ஒளிந்திருக்கிறது. படிப்பவர் இப்படி உட்கார்ந்து கணக்கு போட மாட்டார், ஆனால் ஏதோ முழுதாகச் சொல்லவில்லை என்று அவருக்குத் தோன்றிவிடும். உங்களுக்குப் பிடிபடவில்லை என்று எழுதினீர்களே, அது இதுதான்.

கேள்வி கேட்டவரிடம் இதை லீடிடம் கேட்கச் சொன்னேன். பதில் உடனே வந்தது. பிப்ரவரி 28-ல் சோதனை மாற்றம் முடிந்தபோது, 60,000 பதிவுகளில் 4,200 இரட்டைப் பதிவுகள் இருப்பது தெரிந்திருக்கிறது. ஒரே வாடிக்கையாளர் இரண்டு எண்ணில் இருக்கிறார். அதைச் சரிசெய்ய 4 நாள், மறுபடி சோதிக்க 2 நாள். ஆக 9, 4, 2, மொத்தம் 15. எவ்வளவு நல்ல காரணம் பாருங்கள்! இதைக் கையில் வைத்துக்கொண்டு "தவிர்க்க முடியாத சில காரணங்கள்" என்று எழுதியிருக்கிறார். பதற்றத்தில் இருப்பவருக்கு விவரம் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று தோன்றும். ஆனால் விவரம் சொல்லாத மெயிலுக்குத்தான் "ஏன்?" என்று பத்துப் பேர் பதில் போடுவார்கள்.

இப்போது "பலமுறை நினைவூட்டியும்". லீட் தன்னைக் காத்துக்கொள்ள எழுதிய வரி இது. ஆனால் அது அவர் மேலேயே திரும்புகிறது. பலமுறை நினைவூட்டினீர்கள் என்றால் பிப்ரவரி நடுவிலேயே உங்களுக்குத் தாமதம் தெரியும், அப்போதே ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று ஸ்டேக்ஹோல்டர் கேட்பார். அதோடு வெண்டரும் அந்த மெயிலைப் பார்க்க நேரலாம், இன்னும் ஒரு மாதம் அவர்களோடு வேலை இருக்கிறது. வெண்டரை மறைக்கச் சொல்லவில்லை. தர வேண்டிய தேதி, வந்த தேதி, இரண்டையும் போட்டால் போதும். யார் தாமதித்தார்கள் என்பது படிப்பவருக்குத் தானே தெரியும். "தான் தந்தார்கள்" என்பதில் உள்ள அந்த "தான்" கூடப் பல்லைக் கடிக்கிற தான். அதை எடுத்துவிடுங்கள்.

தமிழில் எழுதும்போது வருகிற ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. "நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்." நாம் என்றால் படிப்பவரும் சேர்த்தி. தவறில் அவருக்கும் பங்கு கொடுத்த மாதிரி ஆகிறது. லீட் அந்த எண்ணத்தில் எழுதவில்லை, ஒட்டுறவாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் பொறுப்பைச் சொல்லும் இடத்தில் "நாங்கள்" தான் வர வேண்டும். அந்த வரியே தேவையா என்பது வேறு விஷயம். எதைக் கவனிக்கத் தவறினார்கள் என்று சொல்லாமல் பொதுவாகத் தவறிவிட்டோம் என்றால் அது புலம்பல்தான். இரட்டைப் பதிவை முதலிலேயே சோதித்திருக்கலாம் என்று லீட் நினைத்தால், அதை அப்படியே ஒரு வரியில் எழுதட்டும். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

தொனிக்கு வந்தால், சேர்ப்பதைவிட நீக்குவதுதான் அதிகம். "சிறிய" வேண்டாம், சிறியதா பெரியதா என்று முடிவு செய்ய வேண்டியவர் காத்திருப்பவர். "மிகுந்த வருத்தத்துடன்" என்று தொடங்கினால் ஏதோ இரங்கல் செய்தி போல ஆகிவிடுகிறது. வருத்தம் ஒருமுறை போதும், அதுவும் புதிய தேதியைச் சொன்ன பிறகு. ஆச்சரியக்குறி இரண்டும் போகட்டும். "கண்டிப்பாக" என்பதை நான் கட்டாயம் எடுத்துவிடுவேன். முதல் தேதியும் கண்டிப்பாகத்தான் இருந்தது என்பது படிப்பவருக்கு உடனே நினைவு வரும். அதற்குப் பதில் அடுத்த தகவல் எந்த நாள் வரும் என்று சொல்லிவிடுங்கள்.

எதுவரை கை வைக்கலாம் என்றால், கிழமை தவறு, இரண்டு மூன்று வாரக் குழப்பம், நாம் நாங்கள், இதையெல்லாம் டிராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்தலாம். ஆனாலும் தேதியில் எது சரி என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கிழமை தவறா, தேதியே தவறா என்பது லீடுக்கு மட்டும்தான் தெரியும். ஓரத்தில் ஒரு கமென்ட் போடுங்கள். காரணத்தைச் சேர்ப்பது, வெண்டர் வரியை நீக்குவது, இவையும் கமென்ட்தான். "இந்த வரி வேண்டாம்" என்று எழுதாமல், "இதைப் படித்தால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களா?" என்று எழுதுங்கள். லீட் தானே நீக்கிவிடுவார்.

அவரிடம் பதில் வாங்கிய பிறகு மெயில் இப்படி வந்தது:

"பொருள்: வாடிக்கையாளர் பதிவு மாற்றம், தொடக்க நாள் மார்ச் 10-இலிருந்து மார்ச் 31-க்கு மாறுகிறது.

வணக்கம். மார்ச் 10, திங்கள் அன்று தொடங்குவதாக இருந்த புதிய மென்பொருள் மார்ச் 31, திங்கள் அன்று தொடங்கும். இது 15 வேலை நாள் தாமதம். இதனால் உங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.

பழைய பதிவுகளின் கோப்புகள் பிப்ரவரி 12-க்குப் பதிலாக பிப்ரவரி 25 அன்று கிடைத்தன. இதில் 9 வேலை நாள் தள்ளியது. பிப்ரவரி 28 அன்று முடிந்த சோதனை மாற்றத்தில், 60,000 பதிவுகளில் 4,200 இரட்டைப் பதிவுகள் இருப்பது தெரிந்தது. அவற்றைச் சரிசெய்ய 4 நாளும் மறுபடி சோதிக்க 2 நாளும் தேவை. மொத்தத் தாமதம் எவ்வளவு என்பது இந்தச் சோதனைக்குப் பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

அதுவரை பழைய மென்பொருளையே பயன்படுத்தலாம். மார்ச் 6 அன்று இருந்த பயிற்சி மார்ச் 27-க்கு மாறுகிறது. மறுசோதனையின் முடிவை மார்ச் 11 அன்று எழுதுகிறோம்."

கடைசிப் பத்தியில் உள்ள பயிற்சி விஷயம் முதல் டிராஃப்டில் இல்லவே இல்லை. தொடக்க நாள் மாறினால் அதைச் சுற்றி வேறு எதெல்லாம் மாறும் என்று கேட்டபோதுதான் லீடுக்கு நினைவு வந்ததாம். கேட்டிருக்காவிட்டால் மார்ச் 6 அன்று எல்லோரும் பயிற்சி அறைக்கு வந்து நின்றிருப்பார்கள்.

"மொத்தத் தாமதம் எவ்வளவு என்பது இந்தச் சோதனைக்குப் பிறகே தெரிந்தது" என்ற வரியையும் கவனியுங்கள். ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்ற கேள்விக்கு அதுதான் பதில். ஆனால் அது உண்மையாக இருந்தால் மட்டுமே போடலாம். இங்கே உண்மை என்று லீட் சொன்னார், அதனால் இருக்கிறது. 9 நாள் முன்பே தெரியும், சொல்லவில்லை என்றால் அந்த வரியைச் சேர்க்க நீங்கள் உதவக் கூடாது. "9 நாள் தாமதம் தெரிந்தபோதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்று அவரே எழுதுவதுதான் சரி. எழுத மாட்டேன் என்றால் மௌனமாக விடலாம், பொய்யாக நிரப்பக் கூடாது.

அப்புறம் ஒன்று. மெயில் போன பிறகும் எல்லோருடைய காலண்டரிலும் அந்தப் பழைய மார்ச் 10 அழைப்பு அப்படியே கிடக்கும். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அதையும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.