சராசரி லாபம் 20%, கையில் 2,000 ரூபா குறைவு: டுபாய்க் காசின் கணக்கு

[திரையில்: 55 → 99 → 88 → 80]

ஒரு திர்ஹத்துக்கு 2021 முடிவில் சுமார் 55 இலங்கை ரூபா. அடுத்தடுத்த ஆண்டு முடிவுகளில் 99, 88, 80. "காசை ரூபாவாக்காமல் திர்ஹமாகவே வைத்திருந்தால் வருசத்துக்குச் சராசரி 20% லாபம்" என்று வெள்ளவத்தையில் ஒரு அண்ணா என்னிடம் அடித்துச் சொன்னார். இந்தச் சராசரியை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஏன் என்று காட்டுகிறேன்.

பின்னணி சுருக்கமாக: 1 டொலருக்கு 3.6725 திர்ஹம் என்பது 1997 முதல் மாறவில்லை. ஆகவே ஆடுவது நம்முடைய ரூபாதான். 2022 மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும் அது சரிந்தது.

சரி, அண்ணாவின் கணக்கு. முதல் வருசம் 80% ஏற்றம், பிறகு 11% இறக்கம், பிறகு 9% இறக்கம். கூட்டி மூன்றால் வகுத்தால் 20. ஆனால் 55 ரூபா மூன்று வருசம் 20 வீதம் வளர்ந்தால் 95 ஆகியிருக்க வேண்டும். வந்ததோ 80. உண்மையான வளர்ச்சி வருசத்துக்கு 13 சதவீதம் அளவில்தான். ஏற்ற இறக்கம் பெரிதானால், சராசரி இப்படித்தான் கூட்டிக் காட்டும்.

இனித்தான் எனக்குத் தூக்கம் கெட்ட இடம். அந்த 13 கூட உங்களுடையது இல்லை! மொத்தக் காசையும் 55இல் கையில் வைத்திருந்தவருக்குத்தான் அது. நீங்கள் மாதச் சம்பளக்காரர்.

கொட்டாஞ்சேனையிலிருந்து போன ஒரு அக்கா என்று வைப்போம். கணக்கு சுலபமாக இருக்க, 2021, 2022, 2023 டிசம்பர்களில் தலா 1,000 திர்ஹம் மிச்சம் பிடித்தார். அன்றன்றே மாற்றியிருந்தால் 55,000, 99,000, 88,000: மொத்தம் 2,42,000 ரூபா. மாற்றாமல் வைத்து 2024 முடிவில் மாற்றினால் 3,000 திர்ஹத்துக்கு 2,40,000. வட்டியைச் சேர்க்காமலே 2,000 ரூபா குறைவு!

வட்டியைச் சேர்த்தால் இன்னும் வலிக்கும். 2023 தொடக்கத்தில் ஒரு வருச நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேலும் கிடைத்தது. 20 என்றே வைத்தாலும் அந்த 99,000 வருச முடிவில் 1,18,800. திர்ஹமாக வைத்த அதே காசு 88,000.

அதற்காக எல்லாவற்றையும் உடனே மாற்றுங்கள் என்று சொல்லமாட்டேன். அக்காவின் முதல் 1,000 திர்ஹத்தை 2021 டிசம்பரில் மாற்றி 7% வட்டிக்குப் போட்டிருந்தால் வருச முடிவில் 58,850தான், திர்ஹமாக இருந்திருந்தால் 99,000. அதோடு 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருசத்தில் 70 சதவீத அளவில் ஏறியிருந்தது.

என் கருத்து: பன்னிரண்டு மாதத்துக்குள் வீட்டுக்குத் தேவைப்படும் காசை வந்த மாதமே அனுப்புங்கள், அதில் விலையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். மிச்சத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை ரூபா வைப்பிலும் மற்றதை வெளிநாட்டு நாணயக் கணக்கிலும் வையுங்கள்.

அக்காமாரே, அண்ணாமாரே, கடைசியாக அனுப்பிய ரசீதை எடுங்கள். கைக்கு வந்த ரூபாவைக் கொடுத்த திர்ஹத்தால் வகுங்கள், கட்டணத்தையும் சேர்த்து. வந்த எண்ணைக் கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அவற்றை ஒப்பிடுவோம்.